நேற்றுப் படுத்தவர்தான் இன்று எழும்புகிறாரா? நனவு, கனவு, உறக்கம் பற்றி ஓர் எளிய விளக்கம்

நான் திருகோணமலையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு அறநெறி வகுப்பு எடுக்கிறேன். போன மாதம் பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒன்று எழும்பிக் கேட்டது: "டீச்சர், ஆழ்ந்த நித்திரையில நாங்க எல்லாரும் கடவுளோட ஒண்டாச் சேந்திருக்கிறம் எண்டு போன கிழமை பேச வந்த ஐயா சொன்னார்தானே. அப்பிடியெண்டா விடிய எழும்பேக்க ஏன் நான் திரும்பவும் நானாவே எழும்புறன்? ஆள் மாறி எழும்பலாந்தானே?"

மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் இது ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே பெரிய ஆசிரியர்கள் இருந்து வாதாடிய கேள்வி. அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, பிள்ளைக்குச் சொல்லும் விதத்தில் எழுதிப் பார்த்தேன். எழுதியது நீண்டுவிட்டது. பெரியவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த மூன்று நிலைகளைப் பற்றி நம்மிடையே ஓடும் பேச்சு நிறையவே தளர்வானது. கனவென்றால் ஆழ்மனம், ஆழ்ந்த நித்திரை என்றால் சமாதி, நான்காவதாகச் சொல்லப்படும் துரியம் என்றால் தியானத்தில் வரும் ஏதோ ஒரு வெளிச்சம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். மூன்றுமே சரியில்லை.

ஒரு மத்தியானம்

திருக்கடலூரில் இருக்கும் என் மாமா கடல்தொழில் செய்பவர். பின்னேரம் வள்ளத்தோடு போனால் விடியத்தான் திரும்புவார். மீனை விற்றுக் கணக்கு முடித்து, வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, வேப்பமரத்தடியில் இருந்து கிழிந்த வலையைப் பொத்தத் தொடங்குவார். அன்றும் அப்படித்தான். கச்சான் காற்று அனலாக அடித்துக்கொண்டிருந்தது. பாதி பொத்தியதும் கண் சொருகிவிட்டது. ஊசியை வலையிலேயே குத்தி வைத்துவிட்டு, ஒரு செம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டுப் பாயில் சரிந்தார்.

பிறகு அவர் சொன்னதுதான் இது. கனவில் நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டதாம். வெயில் கண்ணைக் குத்துகிறதாம். தண்ணீர்க் கானைக் கவிழ்த்துப் பார்த்தால் ஒரு சொட்டு இல்லை, நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். அதற்குப் பிறகு கனவு எங்கேயோ போய்விட்டது. ஒன்றுமில்லை. மூன்றரை மணிக்கு எழும்பி, முகத்தைத் துடைத்துக்கொண்டு மாமியிடம் சொன்னார்: "நல்ல நித்திரை. ஒண்டும் தெரியேல்ல." சொல்லிவிட்டு வலையை இழுத்து மடியில் போட்டு, ஊசி குத்தியிருந்த அதே கண்ணிலிருந்து பொத்தத் தொடங்கினார்.

இந்தச் சின்னக் காட்சிக்குள் முழுப் பாடமும் இருக்கிறது. செம்புத் தண்ணீர், காலியான கான், "ஒண்டும் தெரியேல்ல" என்ற வசனம், பாதி பொத்திய வலை ஆகிய நான்கையும் மனதில் வைத்திருங்கள்.

நனவு: எல்லாக் கதவும் திறந்திருக்கும் நேரம்

பழைய நூல்கள் இந்த நிலைகளுக்கு அவத்தை என்று பெயர் வைத்திருக்கின்றன. ஒருவர் தங்கியிருக்கும் நிலை என்று பொருள். முதலாவது சாக்கிரம், நம் சொல்லில் நனவு. மாமா வலை பொத்திக்கொண்டிருந்தபோது கண் நூலைப் பார்த்தது, கை முடிச்சுப் போட்டது, மனம் எண்ணியது, காது மாமியின் குரலைக் கேட்டது. புலன்களும் வேலை செய்கின்றன, மனமும் வேலை செய்கிறது, வெளியே உள்ள உலகம் உள்ளே வருகிறது.

மாண்டூக்ய உபநிடதம் பன்னிரண்டே மந்திரங்கள் கொண்ட மிகச் சிறிய நூல். நனவில் இருப்பவருக்குப் பத்தொன்பது வாய்கள் என்று அது சொல்கிறது. அறியும் புலன்கள் 5, செய்யும் உறுப்புகள் 5, உள்ளே ஓடும் வாயுக்கள் 5, மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என்ற உட்கருவிகள் 4. மொத்தம் 19. உலகத்தைச் சாப்பிடும் வாய்கள் என்று எடுத்துக்கொண்டால் விளங்கிவிடும்.

நனவைப் பற்றி இதற்கு மேல் விளக்கத் தேவையில்லை, நாம் எல்லாரும் இதற்குள்தான் இருக்கிறோம். ஒன்று மட்டும் கவனியுங்கள். "நனவுதான் உண்மை, மற்ற இரண்டும் அதன் இடைவேளை" என்பது நாம் நனவில் இருந்துகொண்டு சொல்லும் தீர்ப்பு. மூன்று வழக்காளிகளில் ஒருவரே நீதிபதியாகவும் இருந்தால் தீர்ப்பு எப்படி இருக்கும்? இந்தச் சந்தேகம்தான் அந்த ஆசிரியர்களைக் கனவுப் பக்கம் திருப்பியது.

கனவு: தண்ணீர் குடித்தவருக்கு ஏன் தாகம்?

இரண்டாவது சொப்பனம், கனவு. புலன்களின் கதவுகள் மூடிவிட்டன, மனம் மட்டும் விழித்திருக்கிறது. மாமாவின் கண் மூடியிருந்தது, ஆனால் அவர் கடலைக் கண்டார். கை பாயில் கிடந்தது, ஆனால் கானைக் கவிழ்த்தார். மாண்டூக்யம் இங்கேயும் அதே பத்தொன்பது வாய்களைச் சொல்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் முரண்பாடு போலத் தெரியும், உண்மையில் நுட்பமான விஷயம் அது. கனவில் மனம் தனக்குத் தேவையான கண்ணையும் கையையும்கூடத் தானே செய்துகொள்கிறது.

எதை வைத்துச் செய்கிறது? நனவில் பட்ட அனுபவங்கள் விட்டுச் சென்ற பதிவுகளை வைத்து. அதற்கு வாசனை என்று பெயர். பூவை எடுத்துவிட்டாலும் தட்டில் மணம் நிற்கிறதே, அந்தப் பொருளில்தான் இந்தச் சொல் வந்தது. மாமாவுக்கு முன்பு ஒருமுறை உண்மையாகவே கடலில் எஞ்சின் நின்றிருக்கிறது. அந்த மணம் உள்ளே இருந்தது.

பிருகதாரண்யக உபநிடதத்தில் சனக மன்னனுக்கு யாக்ஞவல்கியர் இதைச் சொல்கிறார்: அங்கே தேர்கள் இல்லை, குதிரைகள் இல்லை, வீதிகள் இல்லை, ஆனால் அவன் தேர்களையும் குதிரைகளையும் வீதிகளையும் உண்டாக்கிக்கொள்கிறான். அதற்கு முன்பு மன்னன் கேட்ட கேள்வி இன்னும் அழகானது. மனிதனுக்கு வெளிச்சம் எது? சூரியன் என்கிறார். சூரியன் மறைந்தால்? சந்திரன். அதுவும் மறைந்தால்? நெருப்பு. அதுவும் அணைந்தால்? பேச்சு. இருட்டில் ஒருவர் கூப்பிட்டால் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு போவோமே, அது. பேச்சும் அடங்கினால்? தன்னுடைய ஆன்மாவே வெளிச்சம் என்று முடிக்கிறார். மாமாவின் கனவில் வெயில் கண்ணைக் குத்தியது. அவர் கண்ணோ வேப்பமர நிழலில் இறுக்கி மூடியிருந்தது. அப்படியானால் அந்த வெயிலுக்கு வெளிச்சம் எங்கிருந்து வந்தது? பிள்ளைகளிடம் இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பேன். அவர்களுடைய முகம் மாறுவது தெரியும்.

இப்போது செம்புத் தண்ணீருக்கு வருவோம். "கனவு பொய், ஏனென்றால் கனவில் கிடைத்தது நனவில் உதவாது" என்று நாம் எல்லாரும் சொல்வோம். கனவில் சாப்பிட்டால் பசி ஆறாது. சங்கரருக்கு முந்திய ஆசிரியரான கௌடபாதர் இதையே திருப்பிப் போட்டார். நனவில் கிடைத்ததும் கனவில் உதவுவதில்லையே! மாமா ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் படுத்தார். கனவுக் கடலில் அந்தத் தண்ணீர் ஒரு சொட்டுக்கூட உதவவில்லை. பயன்படுவதுதான் உண்மையின் அடையாளம் என்றால் அந்த அடையாளம் இரண்டு பக்கமும் தோற்கிறது.

இதைக் கேட்டவுடன் சிலர் "அப்ப உலகமே கனவு, ஒண்டும் செய்யத் தேவையில்லை" என்று தாவிவிடுவார்கள். அந்தத் தாவல் எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் வாதம் அதைச் சொல்லவில்லை. ஒரு நிலையை மட்டும் அளவுகோலாக வைத்து மற்றதை அளக்காதே என்பதுதான் அது சொல்வது. சங்கரரே வேறொரு இடத்தில், நனவில் காண்பது கனவு போன்றதல்ல, இரண்டுக்கும் வேறுபாடு இருக்கிறது என்று புத்தமதத்தார் சிலரோடு வாதாடியிருக்கிறார்.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால் இவ்வளவுதான்: நனவில் புலனும் மனமும் வேலை செய்கின்றன. கனவில் புலன் ஓய்ந்து மனம் மட்டும் பழைய பதிவுகளால் ஓர் உலகைச் செய்கிறது. இரண்டிலும் காட்சி மாறுகிறது, காண்பவர் ஒருவர் இருக்கிறார்.

உறக்கம்: ஒன்றும் தெரியாத இடம்

மூன்றாவது சுழுத்தி, கனவும் இல்லாத உறக்கம். மாண்டூக்யம் இதற்குத் தரும் அடையாளம் மிகத் தெளிவானது: உறங்குகிறவர் எந்த விருப்பத்தையும் விரும்பாமல், எந்தக் கனவையும் காணாமல் இருக்கும் இடம். மனமும் ஓய்ந்துவிட்டது. கண்ணும் இல்லை, கண்ணைச் செய்துகொள்ளும் மனமும் இல்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நித்திரையை ஆராயும் வைத்தியர்கள் மூளையின் மின்னலைகளை அளந்து நித்திரையைக் கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். 1953ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர், உறங்குபவரின் கண் இமைக்குள் வேகமாக அசையும் நேரங்கள் உண்டென்றும் அப்போது எழுப்பினால் பலர் கனவைச் சொல்கிறார்கள் என்றும் வெளியிட்டார்கள். அதை எடுத்து, கண் அசையும் நித்திரைதான் சொப்பனம், மற்றது சுழுத்தி என்று பொருத்திவிடுகிறோம். ஆனால் மற்றக் கட்டங்களில் எழுப்பினாலும் சிலர் கனவு சொல்கிறார்கள். வைத்தியரின் கோடு கருவி காட்டும் அலையில் போடப்பட்டது. உபநிடதத்தின் கோடு உறங்கினவருக்கு அனுபவத்தில் என்ன இருந்தது என்பதில் போடப்பட்டது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓடலாம், ஆனால் ஒரே கோடல்ல.

ஒரு வசனம், இரண்டு வாசிப்பு

மாமா சொன்னாரே, "நல்ல நித்திரை, ஒண்டும் தெரியேல்ல" என்று. உபநிடதங்களை அடிப்படையாக வைத்துப் பேசும் வேதாந்திகள் அப்படியே இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டார்கள். "சுகமாக உறங்கினேன், ஒன்றும் அறியவில்லை" என்பது அவர்களுடைய நூல்களில் திரும்பத் திரும்ப வரும் வாக்கியம். இது நினைவு என்கிறார்கள் அவர்கள். படாத ஒன்றை யாராலும் நினைவுகூர முடியாது. எனவே உறக்கத்தில் அந்தச் சுகத்தையும் அந்த ஒன்றுமில்லாமையையும் உடன் இருந்து பார்த்த ஓர் அறிவு இருந்திருக்க வேண்டும்.

இருட்டு அறை ஒன்றை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போய்விட்டது. வெளியே நின்று "உள்ள என்ன இருக்கு?" என்று கேட்கிறீர்கள். "ஒண்டும் தெரியேல்ல" என்று பதில் வருகிறது. அறையில் பொருள் இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. ஆனால் ஓர் ஆள் இருக்கிறார் என்பது நிச்சயம், ஏனென்றால் ஆளில்லாத அறை பதில் சொல்லாது. ஒன்றும் தெரியவில்லை என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

தர்க்கத்தை முதன்மையாக வைக்கும் நியாய மரபைச் சேர்ந்தவர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. அவர்கள் சொன்னதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். விடிய எழும்பிக் கதவைத் திறக்கிறோம். முற்றம் ஈரம். இரவு மழை பெய்திருக்கிறது என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, ஈரத்தைப் பார்த்து ஊகித்தோம். அதேபோல எழும்பிய மாமா நிழல் நகர்ந்திருப்பதைக் காண்கிறார், உடம்பு தெளிந்திருப்பதை உணர்கிறார், இடையில் எதுவும் நினைவில் இல்லை. "நன்றாக உறங்கியிருக்கிறேன், எதையும் அறியவில்லை" என்று ஊகிக்கிறார். நினைவே அல்ல இது.

வேதாந்தியின் பதில்: முற்றத்து ஈரத்தைப் பார்த்து ஊகிக்கும்போது, இரவு முழுக்க முற்றம் அங்கேதான் இருந்தது என்பதை நீ ஏற்கெனவே ஒத்துக்கொண்டுதான் ஊகிக்கிறாய். "எனக்கு அறிவு இல்லாமல் இருந்தது" என்று ஊகிக்கும்போதும் அந்த "எனக்கு" உறக்கத்திலும் இருந்தது என்று முதலிலேயே எடுத்துக்கொண்டுவிட்டாய். நியாயத்தார் ஆன்மா இருந்ததை மறுப்பதில்லை, அந்த நேரம் அதற்கு அறிவு இருக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். இந்தச் சண்டை முடியவில்லை. என்னுடைய கணிப்பு இது: அறைக்குள் ஆள் இருக்கிறார் என்பதுவரை வாதம் உறுதியாக நிற்கிறது. அந்த ஆள் கண்ணைத் திறந்துகொண்டிருந்தாரா என்பதற்கு இந்த ஒரு வசனம் மட்டும் போதாது.

இதைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள்: பொருள் எதுவும் தெரியாமல் இருப்பது வேறு, அறிபவரே இல்லாமல் போவது வேறு. சுழுத்தி பற்றிய முழுப் பேச்சும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

செம்புத் தண்ணீரைக் கடலில் ஊற்றினால்

இனிப் பிள்ளையின் கேள்வி. பேச வந்த ஐயா சொன்னது பிழையில்லை. சாந்தோக்ய உபநிடதத்தில் உத்தாலகர் தன் மகன் சுவேதகேதுவுக்கு அதைத்தான் சொல்கிறார்: தேனீக்கள் பல மரங்களின் சாற்றைக் கொண்டுவந்து ஒரே தேனாக்குகின்றன, அதன் பிறகு "நான் இந்த மரத்துச் சாறு" என்று எந்தச் சாற்றுக்கும் தெரியாது. உயிர்கள் எல்லாம் உறக்கத்தில் உள்ளதான ஒன்றில் சேர்கின்றன, சேர்ந்தோம் என்று அறிவதில்லை. ஐயா இதோடு நிறுத்திவிட்டார். உபநிடதம் நிறுத்தவில்லை. அடுத்த வரியிலேயே, புலியோ சிங்கமோ ஓநாயோ பன்றியோ புழுவோ கொசுவோ, இங்கே எதுவாக இருந்தனவோ அதுவாகவே திரும்ப ஆகின்றன என்று சொல்கிறது.

ஏன் என்பதை, உபநிடதக் கருத்துகளைச் சின்னச் சின்ன வாக்கியங்களில் தொகுத்த பிரம்ம சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் அத்தியாயம், இரண்டாம் பாதம், ஒன்பதாம் சூத்திரம். உறங்கினவர்தான் எழும்புகிறார் என்பதற்கு அது நான்கு காரணம் தருகிறது: செயல், நினைவு, வேத வாக்கு, விதிகள். முதலாவதற்குச் சங்கரர் தரும் விளக்கத்தைப் படித்தபோது எனக்கு மாமாவின் வலைதான் கண்ணில் நின்றது. முதல்நாள் பாதி செய்து விட்ட வேலையை மறுநாள் எழும்பினவர் மிச்சத்தைச் செய்து முடிக்கிறார். ஒருவர் பாதி செய்ததை வேறொருவர் அப்படித் தன் வேலையாகத் தொடரமாட்டார். ஊசி குத்தியிருந்த அதே கண்ணை மாமா தேடவில்லை, கை நேரே அங்கே போனது.

அங்கேயே சங்கரர் எதிர்க்கேள்வி ஒன்றையும் எழுப்புகிறார். கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது உடனே பிடிக்கும். ஒரு துளி தண்ணீரைத் தண்ணீர்ப் பரப்பில் போட்டுவிட்டால் அதே துளியைத் திரும்ப எடுக்க முடியுமா? செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய்க் கடலில் ஊற்றிவிட்டு, மறுபடி செம்பை முக்கினால் வருவது அந்தத் தண்ணீரா? முடியாது. அப்படியானால் உறக்கத்தில் கலந்த உயிர் மட்டும் எப்படி அதுவாகவே வெளியே வரும்?

அவர் பதில் இது: தண்ணீர்த் துளிக்கு அதை மற்றத் துளியிலிருந்து பிரித்துக் காட்ட எதுவும் இல்லை. உயிருக்கு இருக்கிறது, அதன் வினையும் அறியாமையும். நான் பிள்ளைகளுக்கு ஒரு போத்தலைக் காட்டினேன். நல்ல தண்ணீரை நிரப்பி மூடியை இறுக்கிக் கடலில் போட்டால் அது கடலுக்குள்தான் கிடக்கிறது, நாலு பக்கமும் கடல்தான், ஆனால் கலக்கவில்லை. எடுத்தால் அதே தண்ணீர்தான். உறக்கத்தில் நாம் அப்படித்தான் கிடக்கிறோம். மூடி திறக்கவில்லை.

அந்த மூடிக்குக் கௌடபாதர் வைத்த பெயர் விதை. வடமொழியில் பீசம். ஆலம்விதையைப் பிளந்தால் கிளையும் தெரியாது, இலையும் தெரியாது, ஆனால் அது ஆலமரமாகத்தான் வரும், வேம்பாக வராது. மாமாவின் கடலும் கானும் கணக்கும் கவலையும் உறக்கத்தில் அழியவில்லை, விதையாகச் சுருண்டு கிடந்தன. மூன்றரை மணிக்கு முளைத்துவிட்டன. இதனால்தான் ஆழ்ந்த உறக்கமும் ஞானமும் ஒன்று என்பது பிழை. ஒன்றாக இருந்தால் தினமும் பத்து மணிக்குப் படுத்து ஐந்து மணிக்கு எல்லாரும் ஞானியாக எழும்ப வேண்டும்.

பழைய நூல்களும் இதை மறைக்கவில்லை. சாந்தோக்யத்தின் கடைசி அத்தியாயத்தில் இந்திரன் பிரசாபதியிடம் படிக்கப் போகிறான். முதலில் உடம்பு, பிறகு கனவு காண்பவன், பிறகு கனவில்லாமல் உறங்குபவன்தான் ஆன்மா என்று பாடம் வருகிறது. ஒவ்வொரு முறையும் இந்திரன் பாதிவழி போய்விட்டுத் திரும்புகிறான். உறக்கத்தைப் பற்றி அவன் சொன்ன குறை: அங்கே இருப்பவனுக்குத் தான் இன்னான் என்றுகூடத் தெரியவில்லை, அழிந்துபோனவன் மாதிரி இருக்கிறான், இதில் எனக்கு ஒரு நன்மையும் தெரியவில்லை. பிரசாபதி அவனைத் திட்டவில்லை, சரிதான் என்று ஒத்துக்கொள்கிறார். 32 வருடம் மூன்று தடவை, பிறகு இன்னும் 5, மொத்தம் 101 வருடம் இருந்துதான் மிச்சத்தைக் கேட்டான்.

துரியம்: ஒரே சொல், இரண்டு திசை

துரியம் என்றால் நான்காவது. மாண்டூக்யத்தில் அது நாம் போய்ச் சேரும் நான்காவது அறை அல்ல. நனவு, கனவு, உறக்கம் மூன்றும் வந்து போகும்போது மாறாமல் இருக்கும் அந்த அறிவையே மூன்றோடு சேர்க்காமல் எண்ணுவதற்காக நான்காவது என்றார்கள். கூத்து மேடையில் ஒரே விளக்கின் கீழ் அரசன் வருகிறான், கள்வன் வருகிறான், பிறகு ஆளில்லாத மேடை. விளக்கை நாலாவது பாத்திரம் என்று யாரும் சொல்வதில்லை. கௌடபாதர் வித்தியாசத்தைச் சுருக்கமாகச் சொல்கிறார்: இரண்டாவது பொருள் தெரியாதது உறக்கத்துக்கும் துரியத்துக்கும் பொது, ஆனால் உறக்கத்தில் விதை இருக்கிறது, துரியத்தில் அது இல்லை.

சைவ சித்தாந்தம் படித்துவிட்டு வருபவர்களுக்கு இங்கேதான் தலை சுற்றும். நம் கோயில் வகுப்புகளில் ஐந்து அவத்தை சொல்லிக்கொடுக்கிறோம்: சாக்கிரம், சொப்பனம், சுழுத்தி, துரியம், துரியாதீதம். இந்தக் கணக்கில் உயிர் கீழே கீழே இறங்குகிறது, கருவிகள் ஒவ்வொன்றாகக் கழல்கின்றன. நனவில் 35 கருவி. கனவில் அறியும் புலன் ஐந்தும் செய்யும் உறுப்பு ஐந்தும் கழன்று 25. உறக்கத்தில் மூன்றே மூன்று: சித்தம், பிராணவாயு, நுகர்வதற்கு நிற்கும் உயிராகிய புருடன். துரியத்தில் சித்தமும் கழன்று இரண்டு. துரியாதீதத்தில் ஒன்று. அதாவது இந்தத் துரியம் உறக்கத்தைவிட ஆழமான இருட்டு. வேதாந்தத்தில் துரியம் என்றால் வெளிச்சம். ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எதிரெதிர்த் திசையைக் காட்டிப் பேசுகிறார்கள், இருவருக்கும் அது தெரிவதில்லை. சித்தாந்தத்தில் அருளால் மேலேறும் அவத்தைகளும் உண்டு, அவற்றுக்கும் இதே பெயர்கள்தான். எந்தத் துரியம் என்று கேட்காமல் வாதாடத் தொடங்கக்கூடாது.

மாமாவின் வசனத்தைச் சித்தாந்திகள் வேறு மாதிரி வாசிப்பார்கள். ஒன்றும் தெரியவில்லை என்பது, உயிரைச் செம்பில் களிம்பு போல ஆதியிலிருந்தே பிடித்திருக்கும் ஆணவம் என்ற மலத்தின் வேலை. கருவிகள் இருக்கும்போது கொஞ்சம் விளக்கு எரிகிறது, கருவி கழன்றதும் பழைய இருட்டு மூடுகிறது. உயிர் தானாக ஒளிரும் பொருளல்ல, உணர்த்தினால் உணரும் பொருள். மெய்கண்டாரின் சிவஞானபோதம் மூன்றாம் சூத்திரத்தில் "உணர்த்த உணர்தலின்" என்றே இருக்கிறது. அதே சூத்திரத்தில் "கண்படில் உண்டிவினை இன்மையின்" என்றும் வருகிறது. கண் உறங்கும்போது நுகர்வும் இல்லை, செயலும் இல்லை, ஆனால் மூச்சு ஓடுகிறது, ஆகவே மூச்சு உயிரல்ல என்பது பொருள். அன்று மாமா உறங்கும்போது காகம் வந்து அவர் தலைமாட்டில் இருந்த கடகத்திலிருந்து ஒரு மீனைக் கொத்திக்கொண்டு போனது. அவர் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மூச்சுதான் ஆள் என்றால் காகத்தைத் துரத்தியிருக்க வேண்டுமே.

எனக்கு வேதாந்தத்தின் இருட்டறை உவமையும் பிடிக்கும், சித்தாந்தத்தின் களிம்பும் பிடிக்கும். ஆனால் பிள்ளையின் கேள்விக்கு இரண்டும் சொல்லும் பதில் ஒரே இடத்தில் சந்திக்கிறது. உறக்கத்தில் கருவிகள் ஓய்கின்றன, கட்டு அவிழ்வதில்லை. விதை என்றாலும் மலம் என்றாலும் அது உள்ளே இருக்கும்வரை படுத்தவர்தான் எழும்புவார்.

அடுத்த ஞாயிறு இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அந்தப் பிள்ளை திரும்பவும் கையை உயர்த்தினாள். "டீச்சர், அம்மாவுக்கு ஒப்பரேசன் செய்யேக்க மயக்க ஊசி போட்டவை. அது எந்த நிலை?" இதற்கும் பிரம்ம சூத்திரத்தில், நாம் பார்த்த சூத்திரத்துக்கு அடுத்ததிலேயே மயக்கம் பற்றி ஒரு பதில் இருக்கிறது. நனவுமல்ல, கனவுமல்ல, உறக்கமுமல்ல, சாவுமல்ல, உறக்கத்தில் சேர்வதில் பாதி என்று. மயங்கியவருக்கு மூச்சு சீராக இல்லை, முகம் உறங்குபவர் முகம் போல அமைதியாக இல்லை, தட்டினாலும் எழும்பமாட்டார் என்று சங்கரர் வேறுபாடுகளைக் காட்டுகிறார். மருந்து ஊசியின் மயக்கத்தை அவர் அறிந்திருக்கமாட்டார். அதனால் அவளிடம், எழும்பினதும் அம்மா முதல் சொன்ன வசனம் என்ன என்று கேட்டேன்.

"நல்ல நித்திரை எண்டு சொல்லேல்ல, டீச்சர். எப்ப தொடங்கப் போறீங்க எண்டு கேட்டவ."